பதினொரு மணிக்குத் திறந்து இரண்டு நிமிடத்தில் மூடும் கதவு: தட்கல் முன்பதிவும் அதன் கட்டணக் கணக்கும்

2023ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமைக்கு முந்தைய நாள், தென் மாவட்டம் ஒன்றின் ரயில் நிலையக் கவுண்டரில் காலை ஏழு மணியிலிருந்து வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர். மூன்றாவதாக நின்ற அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சென்னையில் அண்ணன் இறந்துபோன செய்தி முந்தைய இரவுதான் வந்திருந்தது; குடும்பத்தின் மற்றவர்கள் பேருந்தில் போய்விட்டார்கள், இவருக்கு மறுநாள் படுக்கை வசதியுடன் போயாக வேண்டிய உடல்நிலை. சுவர்க் கடிகாரம் பதினொன்றைத் தொட்டதும் கவுண்டர் ஊழியர் முதல் படிவத்தைத் தட்டச்சு செய்தார், டிக்கெட் வந்தது. இரண்டாவது படிவத்துக்கும் வந்தது. அம்மாவின் படிவத்தைத் தட்டி முடித்தபோது மணி பதினொன்று கடந்து மூன்று நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. “வெயிட்டிங் லிஸ்ட் பதினெட்டு வருதும்மா, போடட்டுமா?” என்று அவர் கேட்டார். “கன்ஃபார்ம் ஆயிடுமா தம்பி?” என்று அம்மா கேட்டதற்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. ஆனால் அதைப் புரிந்துகொள்ள, தட்கல் என்ற பெயரில் ரயில்வே எதை விற்கிறது, எப்படி விற்கிறது, அதற்கு ஏன் கூடுதலாக வாங்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நெடுந்தூர ரயில் ஒன்றின் பெர்த்துகள் அனைத்தும் ஒரே குவியலாக விற்பனைக்கு வருவதில்லை. அவை பல ஒதுக்கீடுகளாகப் பிரித்து வைக்கப்படுகின்றன. பொது ஒதுக்கீட்டில் உள்ளவை பயண நாளுக்கு 60 நாள்களுக்கு முன்பே விற்பனைக்கு வந்துவிடும். 2024 அக்டோபர் 31 வரை இது 120 நாள்களாக இருந்தது. மூத்த குடிமக்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், அவசர அரசுப் பணியில் செல்வோர் ஆகியோருக்கென்று தனித்தனியே சில இடங்கள் நிறுத்தப்படுகின்றன. தட்கல் என்பதும் அப்படிப்பட்ட ஓர் ஒதுக்கீடுதான். கடைசி நேரத்துக்காகப் புதிதாகப் பெட்டி எதுவும் இணைக்கப்படுவதில்லை. அதே பெட்டியில் உள்ள சில பெர்த்துகள் இரண்டு மாதம் யாருக்கும் விற்கப்படாமல் பூட்டி வைக்கப்பட்டு, பயணத்துக்கு முந்தைய நாள் திறக்கப்படுகின்றன. பொது ஒதுக்கீட்டில் காத்திருப்போர் பட்டியல் இருநூறைத் தொட்டிருக்கும் அதே நேரத்தில் தட்கலில் இடம் இருப்பதாகத் திரை காட்டுவது இதனால்தான். ரயில்வே அந்த இருநூறு பேரை மறந்துவிடவில்லை. அவர்களுக்குக் கொடுக்காமல் இந்த இடங்களைத் தெரிந்தே நிறுத்தி வைத்திருக்கிறது.

குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், ஸ்லீப்பர், இரண்டாம் வகுப்பு இருக்கை போன்றவற்றுக்கு 11 மணிக்கும் தட்கல் திறக்கிறது. முதல் வகுப்பு ஏசிக்குத் தட்கல் கிடையாது. ஒரு டிக்கெட்டில் நான்கு பேர் வரை மட்டுமே சேர்க்கலாம்.

‘முந்தைய நாள்’ என்ற சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. வருடக் கணக்காகப் பயணம் செய்பவர்கள்கூட அதில் இடறி விழுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நாள் நாம் ஏறும் நாளை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. ரயில் தன் முதல் நிலையத்திலிருந்து புறப்படும் நாளை வைத்தே கணக்கிடப்படுகிறது. எழும்பூரில் 14ஆம் தேதி இரவு பதினொரு மணிக்கு மேல் புறப்படும் ஒரு ரயில், 15ஆம் தேதி விடியற்காலை நான்கு மணி வாக்கில் திருச்சிக்கு வருகிறது என்று கொள்வோம். திருச்சியில் ஏறி நாகர்கோவில் போக வேண்டியவருக்குப் பயணத் தேதி 15. அவர் இயல்பாக 14ஆம் தேதி காலை கணினி முன் அமர்வார். ஆனால் ரயில் புறப்படும் நாள் 14 என்பதால் அந்த ரயிலின் தட்கல் 13ஆம் தேதி காலையிலேயே திறந்து முடிந்துவிட்டது. திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி வரும் விவேக் எக்ஸ்பிரஸ் போன்ற ரயிலில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கிளம்பி இரண்டு நாள்களுக்கு மேல் ஓடிய பிறகே அது கோவைக்கு வருகிறது. ஆகவே கோவையில் ஏறுபவர் தன் பயணத்துக்குப் பல நாள்களுக்கு முன்பே தட்கல் எடுத்தாக வேண்டும். நள்ளிரவுக்குப் பின் நம் ஊருக்கு வரும் எந்த ரயிலானாலும், முதலில் பார்க்க வேண்டியது அது எங்கிருந்து, எந்தத் தேதியில் கிளம்புகிறது என்பதைத்தான்.

இனி அந்தச் சில நிமிடங்களுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். இந்தியாவின் முன்பதிவுக் கணினி அமைப்பு டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களில் இயங்குகிறது. நாம் கைபேசியில் பார்க்கும் ஐ.ஆர்.சி.டி.சி. தளம் அந்த அமைப்புக்கு ஒரு வாசல். கவுண்டர் இன்னொரு வாசல். இரண்டும் ஒரே இருப்பிலிருந்துதான் பெர்த்தை எடுக்கின்றன. எனவே கவுண்டரில் வரிசையில் மூன்றாவதாக நிற்பவர் தனக்கு முன்னால் இருக்கும் இருவருடன் மட்டும் போட்டியிடுவதில்லை. அந்த ரயில் நிற்கும் ஒவ்வோர் ஊரின் கவுண்டரிலும் முதலாவதாக நிற்பவர்களோடும், நாடெங்கும் திரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கானவர்களோடும் போட்டியிடுகிறார். ஒரு படிவத்தைத் தட்டச்சு செய்து, பணம் வாங்கி, அச்சிட ஏறத்தாழ ஒரு நிமிடம் பிடிக்கும். கூட்டம் மிகுந்த தடத்தில் அந்த ஒரு நிமிடம்தான் உறுதியான பெர்த்துக்கும் காத்திருப்போர் பட்டியலுக்கும் இடையிலான தூரம்.

இணையத்தில் எடுப்பவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. திரையில் ‘இருக்கிறது 12’ என்று காட்டினால், நாம் பெயரையும் வயதையும் நிரப்பத் தொடங்கியதும் ஒரு பெர்த் நமக்காக எடுத்து வைக்கப்படும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படி எதுவும் எடுத்து வைக்கப்படுவதில்லை. பெயர் நிரப்பி, கேப்சா எழுதி, ஓ.டி.பி. கொடுத்து, வங்கியிலிருந்து பணம் சேர்ந்த தகவல் திரும்பி வந்த பிறகே முன்பதிவு அமைப்பிடம் பெர்த் கேட்கப்படுகிறது. அந்தக் கணத்தில் எது மிச்சம் இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். பன்னிரண்டு இருந்ததைப் பார்த்துப் பணம் கட்டியவருக்குக் காத்திருப்பு எண் வருவது இதனால்தான். தளத்தின் தவறு என்று எல்லா நேரமும் சொல்லிவிட முடியாது. உறுதியான பெர்த் கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்ற தெரிவு பயணிகள் விவரப் பக்கத்திலேயே இருக்கிறது. அதைக் குறித்துவிட்டால், இடம் தீர்ந்திருக்கும்போது டிக்கெட் உருவாகாது. பணம் கணக்குக்குத் திரும்பும். பணம் போய்விட்டது, ஆனால் பி.என்.ஆர். எண் வரவில்லை என்றால் பதிவு நடக்கவில்லை என்று பொருள். பதறி மீண்டும் மீண்டும் பணம் கட்டுவதற்கு முன், கணக்கில் உள்ள பதிவு வரலாற்றைப் பார்த்து உறுதிசெய்துகொள்வது நல்லது.

2025 ஜூன் மாதம் ரயில்வே அமைச்சகம் வெளியிட்ட கணக்கு ஒன்று இந்த நிமிடங்களை எண்களாகக் காட்டியது. நாடு முழுவதும் ஏசி வகுப்புத் தட்கலில் முதல் நிமிடத்தில் சராசரியாகச் சுமார் 5,600 டிக்கெட்டுகளும், இரண்டாவது நிமிடத்தில் சுமார் 22,800 டிக்கெட்டுகளும் இணையத்தில் விற்றன. முதல் பத்து நிமிடத்தில் விற்றவை 67,000க்குச் சற்று மேல். அன்றைய நாளில் இணையம் வழியே விற்ற ஏசி தட்கலில் அது 62.5 சதவீதம். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பத்து நிமிடத்துக்குப் பின்னும் விற்பனைக்கு இருந்தது. இதைப் படித்துவிட்டுத் தட்கல் எல்லாருக்கும் கிடைக்கிறது என்று முடிவுகட்டுவது தவறு. சராசரி இங்கே உண்மையை மறைக்கிறது. செவ்வாய்க்கிழமை ஏதோ ஒரு கிளைத் தடத்தில் மாலைவரை விற்காமல் கிடக்கும் பெர்த்தும், பொங்கலுக்கு முந்தைய வாரம் எழும்பூரிலிருந்து நெல்லைக்குப் போகும் பெர்த்தும் அந்தச் சராசரிக்குள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வரலாம். தட்கலில் காத்திருப்பு எண் கிடைத்தால் அது TQWL என்ற குறியோடு வரும். பொது ஒதுக்கீட்டின் காத்திருப்பு GNWL. இரண்டும் காத்திருப்பு என்றே பெயர் பெற்றாலும் அவை நகரும் விதம் முற்றிலும் வேறு. பொதுப் பட்டியலில் இரண்டு மாதக் காலத்தில் பலர் பயணத்தைக் கைவிடுவார்கள், ரத்து செய்தால் பெரும்பகுதிப் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதால் மறக்காமல் ரத்து செய்வார்கள், பட்டியல், ஒரு பெர்த்தை இருவர் பகிர்ந்துகொள்ளும் ஆர்.ஏ.சி. வழியாக முன்னேறும். தட்கலில் உறுதியான டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு ரூபாயும் திரும்பாது. திரும்பாத பணத்துக்காக யார் ரத்து செய்யப் போகிறார்கள்? போக முடியாதவர்கள்கூட டிக்கெட்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆகவே பட்டியல் நகர்வதற்கான காரணமே அங்கு இல்லை. இதற்கு மேலாக, யாருக்கு எந்த இடம் என்ற இறுதிப் பட்டியலான சார்ட் தயாராகும்போது மற்ற ஒதுக்கீடுகளில் மிச்சப்படும் பெர்த்துகள் முதலில் பொதுப் பட்டியலில் காத்திருப்பவர்களுக்கே போகும். தட்கல் காத்திருப்பு அவர்களுக்குப் பின்னால்தான் பார்க்கப்படும். தட்கலில் ஆர்.ஏ.சி. என்ற நடுப்படியும் இல்லை. கூடுதல் கட்டணம் கட்டியவருக்கு முன்னுரிமை கிடைக்கும் என்ற இயல்பான எண்ணத்துக்கு நேர் எதிராக இருக்கிறது நடைமுறை. ஒன்று, இரண்டு என்று எண் வந்தால் நம்பிப் பார்க்கலாம். பதினெட்டு என்றால் மாற்று ஏற்பாட்டைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான். அன்று இதை அந்த அம்மாவிடம் யாராவது தெளிவாகச் சொல்லியிருந்தால், அவர் மாலைவரை கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

காத்திருப்பிலேயே நின்றுபோன தட்கல் டிக்கெட்டுக்கு, எழுத்தர் கட்டணம் என்ற சிறு தொகை போகப் பணம் திரும்பக் கிடைக்கும். இணைய டிக்கெட்டானால் சார்ட் வந்ததும் தானே ரத்தாகிவிடும். உறுதியான தட்கலுக்குப் பணம் திரும்பும் சூழல்கள் சிலவே. நாம் ஏற வேண்டிய இடத்தில் ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நாம் பயணம் செய்யாமல் விட்டால், அல்லது தடம் மாற்றி விடப்பட்டால், அதற்குரிய விண்ணப்பத்தை உரிய நேரத்துக்குள் பதிவு செய்து பெறலாம்.

கட்டணத்துக்கு வருவோம். ‘அடிப்படைக் கட்டணத்தில் 30 சதவீதம் கூடுதல்’ என்பதுதான் எங்கும் எழுதப்படும் விளக்கம். இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு மட்டும் 10 சதவீதம். விதி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதே விதி ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கீழ் எல்லையும் ஒரு மேல் எல்லையும் வைத்திருக்கிறது. ஸ்லீப்பருக்குக் குறைந்தது 100 ரூபாய், அதிகபட்சம் 200. மூன்றடுக்கு ஏசிக்கு 300 முதல் 400 வரை. இரண்டடுக்கு ஏசிக்கு 400 முதல் 500 வரை. ஸ்லீப்பரில் 30 சதவீதம் என்பது உண்மையாகவே 30 சதவீதமாக இருக்க வேண்டுமானால் அடிப்படைக் கட்டணம் ஏறத்தாழ 334 ரூபாய்க்கும் 666 ரூபாய்க்கும் இடையில் அமைய வேண்டும். மூன்றடுக்கு ஏசியில் அந்த இடைவெளி இன்னும் குறுகியது. ஆயிரத்துக்கும் 1,333க்கும் நடுவில். தமிழ்நாட்டுக்குள் நடக்கும் ஸ்லீப்பர் பயணங்களில் பெரும்பாலானவை கீழ் எல்லையில் மோதுகின்றன; வட இந்தியாவுக்கான பயணங்கள் மேல் எல்லையில் மோதுகின்றன. ஆகவே தட்கல் கட்டணத்தைச் சதவீதம் என்று நினைப்பதைவிட, ஏறக்குறைய நிலையான ஒரு நுழைவுத் தொகை என்று நினைப்பதே உண்மைக்கு நெருக்கமானது.

இதற்குள் இன்னொரு விதி மறைந்திருக்கிறது. அது பலருக்கும் தெரிவதில்லை. என் பார்வையில் இத்திட்டத்தின் மிகவும் நியாயமற்ற பகுதியும் அதுதான். தட்கலில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு, இரண்டடுக்கு வகுப்புகளுக்குக் குறைந்தபட்சத் தூரம் 500 கிலோமீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். ஏசி இருக்கை வகுப்புக்கு 250. அதைவிடக் குறைந்த தூரம் போனாலும் அந்தத் தூரத்துக்கான அடிப்படைக் கட்டணம் வாங்கப்படும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எழும்பூரிலிருந்து திருச்சி ஏறத்தாழ 337 கிலோமீட்டர். மதுரை 500க்குச் சற்றுக் குறைவு. அதிவிரைவு ரயிலின் ஸ்லீப்பரில் திருச்சிக்கு அடிப்படைக் கட்டணம் 195 ரூபாய், 500 கிலோமீட்டருக்கு 270 ரூபாய் என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம். உண்மைத் தொகை அவ்வப்போது வரும் கட்டண உயர்வுகளால் சற்று முன்பின் இருக்கும். முன்பதிவுக் கட்டணம் 20, அதிவிரைவுக் கட்டணம் 30. பொது ஒதுக்கீட்டில் திருச்சிக்கு 245 ரூபாய், மதுரைக்கு ஏறத்தாழ 320 ரூபாய் ஆகிறது. தட்கலில் எடுத்தால் இருவருக்குமே 500 கிலோமீட்டர்க் கணக்குதான். 270இல் 30 சதவீதம் 81; அது கீழ் எல்லைக்குக் குறைவு என்பதால் 100 வாங்கப்படும். ஆக 270, 20, 30, 100 சேர்ந்து 420 ரூபாய். திருச்சிக்குப் போகிறவரும் மதுரைக்குப் போகிறவரும் ஒரே தொகையைக் கட்டுகிறார்கள். மதுரைக்காரருக்குப் பொதுக் கட்டணத்தைவிட 31 சதவீதம் கூடுதல். திருச்சிக்காரருக்கு 71 சதவீதம் கூடுதல். இதே வகுப்பில் சென்னையிலிருந்து டெல்லிக்கு, அடிப்படைக் கட்டணம் 750 என்று கொண்டால், 30 சதவீதம் 225 ஆக வேண்டும். மேல் எல்லை 200 என்பதால் 800 ரூபாய் டிக்கெட் 1,000 ஆகிறது. உயர்வு 25 சதவீதம் மட்டுமே. குறைந்த தூரம் போகிறவர்தான் விகிதத்தில் மிக அதிகமாகக் கொடுக்கிறார். ஐந்நூறு கிலோமீட்டருக்கு விற்கக்கூடிய பெர்த்தைக் குறுந்தூரப் பயணி பிடித்துக்கொண்டால் மிச்சத் தூரம் காலியாகப் போகும் என்ற கவலையே இவ்விதிக்கு அடிப்படை. ஆனால் திருச்சியில் காலியாகும் பெர்த்துக்கு அங்கேயே ஏற ஆள் காத்திருக்கும் தடங்களில் அந்தக் கவலைக்கு இடமில்லை.

கூடுதல் கட்டணம் ஏன் என்ற கேள்விக்கு, கடைசி நேரத்தில் டிக்கெட் கொடுப்பதால் செலவு கூடுகிறது என்று சிலர் விளக்கம் சொல்வதுண்டு. அது சரியன்று. பெட்டி அதேதான், ஓட்டுநர் அவரேதான், மின்சாரமும் அதேதான். கடைசி நேரம் என்பதே விலையை ஏற்றுவதில்லை என்பதற்கு ரயில்வேயின் இன்னொரு விதியே சான்று. சார்ட் தயாரான பிறகும் ஒரு ரயிலில் இடம் மிச்சமிருந்தால், 2017 முதல் அடிப்படைக் கட்டணத்தில் 10 சதவீதம் குறைத்து அதை விற்கிறார்கள். தட்கலுக்குப் பல மணி நேரம் கழித்து, இன்னும் கடைசியில் வாங்குகிறவர் குறைவாகக் கட்டுகிறார். ரயில் நகர்ந்துவிட்டால் காலிப் பெர்த்துக்கு மதிப்பே இல்லை என்பதால் அங்கே விலை இறங்குகிறது. கேட்பவர் பலர், இருப்பது சில என்பதால் தட்கலில் விலை ஏறுகிறது.

அப்படியானால் அந்தக் கூடுதல் தொகை எதற்கு விலை? விற்காமல் வைத்திருந்ததற்கு விலை. இரண்டு மாதத்துக்கு முன்பே விற்றுவிடக்கூடிய பெர்த்தை, நாளை திடீரென்று பயணம் செய்ய வேண்டியிருக்கும் யாரோ ஒருவருக்காக ரயில்வே பூட்டி வைக்கிறது. கூடுதல் தொகை எதுவும் இல்லாவிட்டால், முன்கூட்டியே திட்டமிடக்கூடியவர்களும் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடுவார்கள்; உண்மையிலேயே அவசரம் உள்ளவர் அவர்கள் நடுவில் காணாமல் போவார். எனவே அத்தொகை ஒரு வேலியாகவும் இருக்கிறது. வருவாய் என்ற காரணத்தையும் மறைக்க வேண்டியதில்லை. பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதத்தை மட்டுமே கட்டணமாகப் பெறுகிறோம் என்று ரயில்வே டிக்கெட்டிலேயே அச்சிட்டு வந்த காலம் ஒன்று உண்டு. சாதாரணக் கட்டணத்தை உயர்த்துவது அரசியலில் கடினம்; அவசரமாகக் கேட்பவரிடம் நூறு ரூபாய் கூடுதலாக வாங்குவது எளிது. தட்கலில் எந்தக் கட்டணச் சலுகையும் செல்லாது என்ற விதியும் இதே கணக்கில் வருவதுதான்.

ஆனால் வேலியின் உயரம் போதுமானதாக இல்லை என்பதே இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலான சிக்கலின் மூலம். 1997இல் தொடங்கிய இத்திட்டத்தின் வரலாற்றைப் பார்த்தால், விலை அவ்வளவாக நகரவில்லை. நேரமும் அடையாளமும்தான் திரும்பத் திரும்ப மாற்றப்பட்டிருக்கின்றன. தீபாவளிக்கு முந்தைய இரவு நெல்லைக்கு ஒரு ஸ்லீப்பர் பெர்த்துக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்க ஆள் இருக்கும்போது அதை ஏறத்தாழ 500 ரூபாய்க்கு விற்றால், நடுவில் உள்ள ஐந்நூறு ரூபாயைப் பிடிக்கத் தரகர்கள் வராமல் இருக்க மாட்டார்கள். இரண்டு நாள்களுக்கு முன் திறந்துகொண்டிருந்த தட்கல் 2011 நவம்பரில் ஒரு நாளாகச் சுருக்கப்பட்டதும், அடையாள அட்டை கட்டாயமானதும், உறுதியான டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது என்றானதும், வாங்கி வைத்து விற்பவர்களை முடக்கத்தான். 2012 ஜூலையில் திறக்கும் நேரம் எட்டிலிருந்து பத்துக்கு மாறியது. ஏசிக்கும் மற்றவற்றுக்கும் ஒரே நேரத்தில் திறந்ததால் கணினிகள் திணறியதை அடுத்து, 2015 ஜூனில் பத்து, பதினொன்று என்று பிரித்தார்கள். தரகர்கள் அதற்குள் மென்பொருளுக்கு மாறிவிட்டிருந்தார்கள். பெயர்களை முன்கூட்டியே நிரப்பி வைத்து, கேப்சாவைத் தானே தீர்த்து, நாம் விரலைத் தூக்குவதற்குள் பணம் வரை போய்விடும் நிரல்கள் அவை. முதல் ஐந்து நிமிடங்களில் வரும் உள்நுழைவு முயற்சிகளில் பாதி வரை இத்தகைய நிரல்களுடையவை என்று 2025இல் அரசே சொன்னது. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பயனர் கணக்குகள் முடக்கப்பட்டன. 2025 ஜூலை 1 முதல் ஆதார் உறுதிசெய்யப்பட்ட கணக்குகளுக்கு மட்டுமே இணையத் தட்கல் என்றும், ஜூலை 15 முதல் ஆதாருடன் இணைந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. தேவை என்றும் விதி வந்தது. அங்கீகரிக்கப்பட்ட முகவர்கள் முதல் அரை மணி நேரம், அதாவது பத்திலிருந்து பத்தரை வரை ஏசியையும், பதினொன்றிலிருந்து பதினொன்றரை வரை மற்ற வகுப்புகளையும் எடுக்க முடியாது. போலிக் கணக்குகளை இது குறைக்கும். ஐந்நூறு ரூபாய் இடைவெளியை இது குறைக்காது.

அந்த இடைவெளியை விலையாலேயே மூடிப் பார்க்கும் முயற்சிதான் 2014இல் வந்த பிரீமியம் தட்கல். தேர்ந்தெடுத்த சில ரயில்களில் தட்கல் ஒதுக்கீட்டின் ஒரு பகுதியை PT என்ற தனிப் பெயரில் பிரித்து, அதே நேரத்தில் திறக்கிறார்கள். இங்கே நிலையான கூடுதல் தொகை இல்லை. பெர்த்துகள் விற்க விற்கக் கட்டணம் படிப்படியாக ஏறும். முதல் சிலருக்கு ஒரு விலை, அடுத்த சிலருக்கு அதைவிடக் கூடுதல். காத்திருப்போர் பட்டியல் கிடையாது. முகவர்களுக்கு அனுமதி இல்லை. ரத்து செய்தால் பணமும் இல்லை. தரகருக்குப் போயிருக்கக்கூடிய பணம் இங்கே ரயில்வேக்குப் போகிறது. பத்தரை மணிக்கும் இடம் இருப்பதைப் பல நாள்களில் பார்க்கலாம். அதே காரணத்தால்தான் அது எல்லாருக்கும் உரிய வழியாக இல்லை. சாதாரணத் தட்கலில் ஓடத் தெரியாதவர் தோற்கிறார். பிரீமியத்தில் பணம் இல்லாதவர் தோற்கிறார். எவருடைய தேவை உண்மையில் அவசரம் என்பதை இரண்டு முறைகளும் கேட்பதில்லை.

என்னைக் கேட்டால், விலையை இன்னும் ஏற்றுவதற்கு முன் மாற்ற வேண்டியவை இரண்டு. ஒன்று, அந்த 500 கிலோமீட்டர் விதி. இன்னொன்று, ரத்து செய்தால் ஒன்றும் திரும்பாது என்ற விதி. சார்ட் தயாராவதற்கு முன் ரத்து செய்பவருக்குப் பாதித் தொகையாவது திரும்பும் என்றால், போகாமல் விடும் பெர்த்துகள் முன்கூட்டியே கணினிக்குத் திரும்பும், TQWL பட்டியல் நகரத் தொடங்கும், டி.டி.இ. நள்ளிரவில் காலி இடத்தை எண்ணிக்கொண்டு வரும் வேலை குறையும். வாங்கி வைத்து விற்பதைத் தடுக்கத்தான் பணம் திரும்பாது என்று 2011இல் வைத்தார்கள். பயணியின் பெயரும் ஆதாரும் கணக்கும் ஒன்றோடொன்று கட்டப்பட்டுவிட்ட இன்று அந்தக் காரணம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. அப்படி ஒரு விதி அன்று இருந்திருந்தால், பதினெட்டு என்ற எண்ணைப் பார்த்த கவுண்டர் ஊழியர் அந்த அம்மாவிடம் ஏதாவது ஒரு பதிலைச் சொல்லியிருக்க முடியும்.